யாருடைய நள்ளிரவு?

அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு வக்கீல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு நடப்பது நியூயார்க்கில், மன்ஹாட்டனில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில். 2025 மார்ச் 10, திங்கள்கிழமை இரவு. மனு தயார். இணைப்பு ஆவணங்களின் பக்க எண்களை மட்டும் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தில் மணி 9:05. நியூயார்க் நள்ளிரவு என்றால் நமக்கு இரவு 10 மணி, இன்னும் 55 நிமிடம் இருக்கிறது என்பது அவர் கணக்கு. போன வாரம் இதே நீதிமன்றத்துக்கு இன்னொரு மனு போட்டபோது அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இன்றைக்குத் தப்பு. கெடு முடிந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

வக்கீல் கற்பனை. தேதிகளும் மணிகளும் கற்பனை இல்லை. இடையில் என்ன நடந்தது என்பதற்குள் போகும் முன், அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றங்கள் ‘நாள்’ என்பதை எப்படி முடிக்கின்றன என்று பார்த்துவிடலாம்.

உரிமையியல் நடைமுறை விதிகளில் 6ஆவது விதி காலக்கணக்குக்கானது. 2009 டிசம்பர் 1 அன்று அமலுக்கு வந்த திருத்தத்தில்தான் கடைசி நாள் எந்த நொடியில் முடிகிறது என்று அதில் தெளிவாக எழுதினார்கள். மின்வழியில் தாக்கல் செய்தால், நீதிமன்றம் இருக்கும் நேர மண்டலத்தின் நள்ளிரவு. காகிதமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், பதிவகம் கதவடைக்கும் நேரம். சட்டமோ, உள்ளூர் விதியோ, நீதிபதியின் உத்தரவோ வேறு மாதிரி சொன்னால் அதுதான் செல்லும்.

காகிதக் காலத்தில் இந்தக் கேள்விக்கு அவசியமே இருக்கவில்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு பதிவகத்துக்குத்தான் போயாக வேண்டும், அங்கே மாட்டியிருக்கும் கடிகாரம் ஒன்றுதான். மின்தாக்கல் வந்த பிறகு ஹோட்டல் அறையிலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் மனு போட முடிந்தது. அப்போதுதான் ‘யாருடைய நள்ளிரவு’ என்ற கேள்வி வந்தது. வக்கீல் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை விதி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. காகிதம் போய்ச் சேரும் இடம்தான் அதற்கு முக்கியம்.

போய்ச் சேரும் இடம் என்று சொன்னதைக் கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும். ஒரே வழக்கில், ஒரே வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே இரண்டு நள்ளிரவுகளைச் சந்திக்க நேரலாம். ஹவாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹொனொலுலு மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றவர் மேல்முறையீடு செய்வதாகச் சொல்லும் அறிவிப்பை அந்த மாவட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே அதற்கு ஹவாய் நள்ளிரவு. பிறகு மேல்முறையீட்டு வாதுரை போக வேண்டியது ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. மேல்முறையீட்டு விதிகளில் 26ஆவது விதி, வட்டப் பதிவாளரின் முதன்மை அலுவலகம் இருக்கும் மண்டலத்தின் நள்ளிரவு என்கிறது. அந்த அலுவலகம் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. அதன் நள்ளிரவு, ஹவாயில் கோடையில் இரவு 9 மணி, குளிர்காலத்தில் 10 மணி. ஹவாய் கடிகாரத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை, சான் பிரான்சிஸ்கோ மாற்றுகிறது. அதனால்தான் இந்த ஒரு மணி நேர ஊஞ்சல்.

அதே ஒன்பதாவது வட்டத்தில்தான் குவாம் தீவும் வருகிறது. அது தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம். பத்தாம் தேதிக்குள் வாதுரை தர வேண்டும் என்றால், குவாம் வக்கீலுக்குப் பதினோராம் தேதி மாலை 5 மணி வரை நேரம் இருக்கிறது. குளிர்காலமானால் 6 மணி வரை. அவர் நிதானமாகத் தூங்கி எழுந்து, அலுவலகம் போய், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தாக்கல் செய்தாலும் கெடுவுக்குள்தான். ஹவாய்க்காரர் பார்த்தால் வயிறு எரியும்.

நியூயார்க் வக்கீல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போதும் இதே போல மூன்று மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அதிகாலை 3 மணி வரை உட்காரலாம். அப்படி உட்காருபவர்கள் சறுக்குவது வேறொரு சின்ன இடத்தில்: கையொப்பத்தின் கீழும், எதிர்த்தரப்புக்குக் கொடுத்ததற்கான சான்றிலும் போடும் தேதியில். அவர் மேசையில் 11ஆம் தேதி பிறந்திருக்கும், நீதிமன்றப் பதிவில் 10ஆம் தேதியாகவே இருக்கும். மனு தள்ளுபடி ஆகும் அளவுக்கு இது பெரிய குறை இல்லை. ஆனால் ‘தாமதமாகப் போட்டார், அவர் போட்ட தேதியையே பாருங்கள்’ என்று எதிர்த்தரப்பு ஒரு பத்தி எழுத நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

சரி, ஃபீனிக்ஸுக்கு வருவோம்.

தீர்ப்பு பதிவான நாள் 2025 பிப்ரவரி 10, திங்கள்கிழமை. தீர்ப்பைத் திருத்தச் சொல்லும் மனுவுக்கு, அதாவது 59ஆவது விதியின் ‘இ’ பிரிவு மனுவுக்கு, 28 நாள் அவகாசம். தீர்ப்பு வந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும், சனி ஞாயிறு விடுமுறை எல்லாவற்றையும் சேர்த்து. கடைசி நாள் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை என்று விழுந்தால் மட்டும் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளும். 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம். திங்களில் தொடங்கியது திங்களில் முடியும், மார்ச் 10 அன்று. இதுவரை குழப்பமே இல்லை.

அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். 2025இல் அந்த ஞாயிறு மார்ச் 9. நியூயார்க் தள்ளியது. அரிசோனாவில், நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியைத் தவிர, யாரும் தள்ளுவதில்லை. ஆக, மார்ச் 8 வரை நியூயார்க் நள்ளிரவு என்பது ஃபீனிக்ஸில் இரவு 10 மணி. மார்ச் 9 முதல் அது இரவு 9 மணி. நம் வக்கீலின் கடிகாரம் ஓடாமலோ தவறாகவோ இல்லை. தொலைவில் இருக்கும் கடிகாரம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸ் வக்கீலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கேயும் அதே நாளில் தள்ளுவதால் எப்போதும் இரவு 9 மணிதான் அவருக்கு எல்லை. கடிகாரத்தை மாற்றாத ஊரில் இருப்பவர்தான் மாட்டுகிறார்.

நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அமெரிக்க வக்கீல் அலுவலகங்களுக்காகச் சென்னையில் இருந்து மனுக்களைச் சரிபார்ப்பதும், மேற்கோள்களை ஒழுங்குபடுத்துவதும், இணைப்புகளைத் தொகுப்பதும் பல வருடமாக நடக்கிற வேலை. நானும் அப்படி ஓர் அலுவலகத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்திருக்கிறேன். தாக்கல் செய்யும் பொத்தானை அழுத்துவது அந்த ஊர் வக்கீல்தான், கணக்கு அவர் பெயரில் இருக்கும். ஆனால் கடைசித் தொகுப்பு நம் கையிலிருந்துதான் போகும். நியூயார்க் நள்ளிரவு நமக்குக் குளிர்காலத்தில் காலை 10:30, கோடையில் 9:30. சுவரில் ஊர்ப் பெயர் எழுதி வரிசையாகக் கடிகாரங்கள் மாட்டியிருந்தார்கள். மார்ச் மாதம் ஏணி போட்டு ஏறி நியூயார்க் முள்ளைத் தள்ளுவது யார் வேலை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் மூன்று நாள் அது பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்த மூன்று நாளில் கெடு எதுவும் விழவில்லை. டீம் லீட் தான் ஸ்டூலில் ஏறித் தள்ளிவிட்டு, ‘இனிமே இதைப் பாத்து யாரும் வேலை செய்யாதீங்கப்பா’ என்றார்.

இந்த ஒரு மணி நேரத்தை மனக்கணக்காகப் போடக்கூடாது என்பது என் கட்சி. ‘நியூயார்க் என்றால் பத்தரை மணி நேரம் கூட்டு’ என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் மார்ச்சில் மாட்டுகிறார்கள். நேர மண்டலத்தை ஊரின் பெயராகக் கணினியிடம் கொடுத்துவிட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு வித்தியாசம் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். லினக்ஸில் ஒரு வரி போதும்:

```
TZ=Asia/Kolkata date -d 'TZ="America/New_York" 2025-03-10 23:59'
```

விடை செவ்வாய் காலை 9:29 என்று வரும். தேதியை மார்ச் 3 என்று மாற்றிப் போட்டால் 10:29. முதல் ஊரை `America/Phoenix` என்று மாற்றினால் நம் வக்கீல் பார்த்திருக்க வேண்டிய 8:59 தெரிந்துவிடும். கைப்பேசி நாட்காட்டியும் இதையேதான் செய்கிறது, ஒரு நிபந்தனையோடு: குறிப்பைப் போடும்போது ‘நியூயார்க் நேரம் 11:59’ என்று மண்டலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாமே கணக்குப் போட்டு ‘இரவு 10’ என்று உள்ளூர் நேரமாகப் பதிந்து வைத்தால், அது கடைசிவரை 10 மணிக்கே மணியடிக்கும்.

அடுத்தது, எந்த நொடியில் மனு ‘தாக்கல் ஆனது’ என்ற கேள்வி. பதிவேற்றத்தைத் தொடங்கியது கணக்கில் வராது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் மின்தாக்கல் அமைப்பில் உள்நுழைந்து, வழக்கு எண்ணைக் கொடுத்து, மனுவின் வகையைத் தேர்ந்தெடுத்து, முதன்மை ஆவணம், இணைப்புகள் என்று ஒவ்வொன்றாக ஏற்றி, திரை திரையாகத் தாண்டிப் போக வேண்டும். கடைசித் திரையில் உறுதிசெய்த பிறகுதான் தாக்கல் அறிவிப்பு வரும். நம் வக்கீல் ஃபீனிக்ஸ் நேரம் 9:40க்கு முடித்தால் அவருக்கு வரும் அறிவிப்பில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
The following transaction was entered on 3/11/2025 at 12:40 AM EDT
and filed on 3/11/2025
```

நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள மூன்று எழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது நியூயார்க்கின் கோடை நேரம் என்று சொல்கிறது. தேதி மாறியிருக்கிறது. தாமதம் என்று யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள். சிவப்பு எழுத்து கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அமைப்பு எந்த மணியிலும் மனுவை வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டதாலேயே கெடுவுக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறவர்கள் உண்டு.

கடைசித் திரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்த்த ஃப்ராங்க்ளின் எதிர் மக்யூ வழக்கைச் சொல்லலாம். மேல்முறையீட்டு அறிவிப்புக்கான கட்டணத்தை வக்கீல் கடைசி நாளிலேயே மின்வழியில் கட்டிவிட்டார். பணம் கட்டிய ரசீதும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு இருந்த இறுதிப் படியை முடிக்கவில்லை. தாக்கல் அறிவிப்பு வரவில்லை என்பதையும் அப்போது கவனிக்கவில்லை. கெடு தாண்டிய பிறகு தாக்கல் செய்த மேல்முறையீடு செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டார்களே என்ற வாதம் எடுபடவில்லை.

நாற்பது நிமிடத் தாமதம்தானே, மன்னிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். அது எந்தக் கெடு என்பதைப் பொறுத்தது. நீதிபதி தானே அட்டவணை போட்டுக் கொடுத்த தேதி என்றால் பெரும்பாலும் வழி உண்டு. ஹைப்பர்ஃப்ரேஸ் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது விஸ்கான்சினில் போட்ட வழக்கில், 2003 ஜூன் 25 நள்ளிரவுக்குள் போட வேண்டிய மனுவை மைக்ரோசாஃப்ட் 12 மணி 4 நிமிடம் 27 நொடிக்குப் போட்டது. உடனே எதிர்த்தரப்பு அந்த மனுவையே நீக்க வேண்டும் என்று மனுச் செய்தது. அதை விசாரித்த மாஜிஸ்திரேட் ஸ்டீபன் க்ராக்கர், நாலரை நிமிடத்துக்கு இவ்வளவு கூச்சலா என்று கேலி வழிய ஓர் உத்தரவு எழுதி மறுத்துவிட்டார். அமெரிக்க வக்கீல்கள் இன்றும் சிரித்துக்கொண்டு அனுப்பிக்கொள்ளும் உத்தரவு அது.

நம் ஃபீனிக்ஸ் வக்கீலின் கெடு அந்த வகை இல்லை. 59-இ மனுவின் 28 நாளை நீட்டிக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. 6ஆவது விதி வெளிப்படையாகக் கைகட்டி வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்துவிட்டால் நீதிபதிக்கு இரக்கம் இருந்தாலும் பயனில்லை. தாமதமாக வந்ததை 60ஆவது விதியின் கீழ் வந்த மனுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விதியின் காரணங்கள் குறுகலானவை.

இதைவிடப் பெரிய குழி அடுத்து இருக்கிறது. 59-இ மனு கெடுவுக்குள் வந்திருந்தால் மேல்முறையீட்டுக்கான 30 நாள் கடிகாரம் நின்றுவிடும், அந்த மனு முடிவானதும் புதிதாக ஓடத் தொடங்கும். தாமதமாக வந்த மனு அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. பிப்ரவரி 10இல் தொடங்கிய 30 நாள் மார்ச் 12, புதன்கிழமை முடிகிறது. அதாவது நம் வக்கீலுக்கு மிஞ்சியிருப்பது இரண்டே நாள். ‘மனு நிலுவையில் இருக்கிறது, மேல்முறையீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் இருந்துவிட்டால், ஒரு மணி நேரக் கணக்குப் பிழை இரண்டு கதவையும் சேர்த்து மூடிவிடும்.

மேல்முறையீட்டு அறிவிப்பின் கெடு சட்டத்திலேயே இருப்பது. 2007இல் பவுல்ஸ் எதிர் ரஸ்ஸல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதன் கடுமையைக் காட்டியது. மாவட்ட நீதிபதி சட்டப்படி 14 நாள் தர வேண்டிய இடத்தில் தவறாக 17 நாள் கொடுத்துவிட்டார். நீதிபதி கொடுத்த தேதியை நம்பி, அதற்குள்தான் தாக்கல் செய்தார்கள். ஆனால் சட்டம் சொன்ன 14 நாள் தாண்டியிருந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மேல்முறையீடு செல்லாது என்று தீர்ப்பானது. நீதிபதியின் தவறுக்கே அந்த கதி.

ஆகவே அறிவிப்பில் 12:40 என்று பார்த்த அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாமதமான மனுவைக் காப்பாற்ற வாதம் யோசிப்பதை நிறுத்திவிட்டு, புதன் நள்ளிரவுக்குள், நியூயார்க் நள்ளிரவுக்குள், மேல்முறையீட்டு அறிவிப்பைப் போட்டுவிடுவது. அது சில பக்கக் காகிதம்தான். அதையும் தவறவிட்டால், அடுத்த 30 நாளுக்குள், ஏப்ரல் 11க்குள், தகுந்த காரணத்தைக் காட்டி அவகாசம் கேட்க மேல்முறையீட்டு விதிகளில் ஓர் இடம் இருக்கிறது. கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. கோடை நேரத்தை மறந்துவிட்டேன் என்பதை எல்லா நீதிபதிகளும் மன்னிக்கத்தக்க கவனக்குறைவாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

நீதிமன்றத்தின் பதிவகத்தையே அணுக முடியாமல் போனால் கெடு தானாகத் தள்ளிப்போகும் என்று 6ஆவது விதியில் ஒரு பிரிவு உண்டு. நீதிமன்றத்தின் சர்வர் படுத்துவிட்டால் பொதுவாக இதை நம்பிப் பேசலாம். நம் வீட்டு வைஃபை போனதும், மடிக்கணினி அந்த நேரம் பார்த்து அப்டேட் ஆகத் தொடங்கியதும் இதில் சேராது. பல நீதிமன்றங்கள் தங்கள் உள்ளூர் விதியில் அதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன.

நள்ளிரவே வேண்டாம் என்று முடிவு செய்த நீதிமன்றங்களும் உண்டு. டெலவேர் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் மாலை 5 மணிக்கே நாளை முடிக்கிறது. பிலடெல்பியாவில் உள்ள மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜூலை 1 முதல் கிழக்கு நேரம் மாலை 5 மணி என்று மாற்றியது. அதன் தலைமை நீதிபதி மைக்கேல் சகாரஸ்தான் 2019இல் நாடு முழுவதற்கும் இந்த யோசனையை விதிக்குழுவிடம் வைத்தவர். நாடு தழுவிய விதி நள்ளிரவாகவே இருக்கிறது. வக்கீல்களும் ஊழியர்களும் இரவில் வீட்டில் இருக்கட்டும் என்பது மாலை 5 மணிக்கு மாற்றியவர்கள் சொல்லும் காரணம். பெரிய அலுவலகங்கள் முணுமுணுத்தன. இரவு 11 மணிக்குத் தாக்கல் செய்து எதிர்த்தரப்பின் தூக்கத்தைக் கெடுக்கும் சுகம் போய்விட்டதே என்றுதான் முணுமுணுத்தார்கள் என்பது என் சந்தேகம். ஃபீனிக்ஸிலிருந்து பிலடெல்பியாவுக்குத் தாக்கல் செய்பவருக்கு இப்போது கோடையில் மதியம் 2 மணி எல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் முடிந்தது.

சில மாவட்டங்களே இரண்டு மண்டலங்களில் படுத்திருக்கின்றன. வடக்கு ஃப்ளோரிடா மாவட்டத்தில் டலஹாசி கிழக்கு நேரம், பென்சகோலா மத்திய நேரம். வடக்கு இண்டியானாவில் சௌத் பெண்ட் கிழக்கு, ஹாமண்ட் மத்தியம். ‘நீதிமன்றத்தின் மண்டலம்’ என்ற சொல் அங்கே எதைக் குறிக்கிறது என்று தேசிய விதியைப் படித்து மட்டும் சொல்ல முடியாது. அந்த மாவட்டத்தின் மின்தாக்கல் நடைமுறைக் குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பார்க்க நேரமில்லாதபோது, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அந்தக் கிழக்கு நள்ளிரவையே கெடுவாக வைத்துக்கொண்டு வேலை செய்துவிடலாம்.

கெடுவைக் குறித்து வைக்கும் முறையிலும் ஒரு விஷயம் உண்டு. ‘மார்ச் 10, நள்ளிரவு 12’ என்று எழுதினால் அது பத்தாம் தேதி தொடங்கும் நொடியா, முடியும் நொடியா என்று படிப்பவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் நாங்கள் பிறகு பழகிய வழக்கம், ஒரே குறிப்பில் மூன்று நேரத்தை எழுதுவது: நியூயார்க் திங்கள் இரவு 11:59, ஃபீனிக்ஸ் திங்கள் இரவு 8:59, சென்னை செவ்வாய் காலை 9:29. கிழமை கட்டாயம். நம் ஊரில் கெடு எப்போதும் மறுநாள்தான் விழும். ‘திங்கள்கிழமை கெடு’ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திங்கள் காலையே பதறி அடித்துக்கொண்டு அனுப்பிய புதியவர்களும் உண்டு. அவர்களால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. குறிப்பை அனுப்புகிறவர் நியூயார்க் நேரத்தைத் தன் தலையிலிருந்து எழுதாமல், மாற்றிக் காட்டிய வரியை அப்படியே ஒட்ட வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் வரும் வாரங்களில், திங்கள் காலை முதல் வேலையாகத் திறந்திருக்கும் எல்லாக் குறிப்பையும் திரும்ப மாற்றிப் பார்ப்போம். சுவர்க் கடிகாரங்களை அதற்குள் கழற்றிவிட்டார்கள்.